மூச்சறைக்குள் நடக்கும் கைமாற்றம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்ட கேள்விகள்

சேலத்தில் ஒரு நெஞ்சு நோய்ப் பிரிவில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்வது என் வேலை. குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதச் சொல்வோமே, அதுதான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. அதில் தெரியும் எண்ணைப் பற்றித்தான் இப்போது பாதிக் கேள்விகள். ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து வருபவர்களும், இங்கிருந்து மேலே போய் வருபவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியிருக்கும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

நுரையீரல்னா நெஞ்சுக்குள்ள ரெண்டு பலூன், அவ்வளவு தானுங்களே?

பலூனாக இருந்தால் நாம் பிழைத்திருக்க மாட்டோம். கறிக்கடையில் ஆட்டு நுரையீரலைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். நறுக்கினால் உள்ளே குழி இருக்காது, பொடிப்பொடியாகக் காற்று அடைத்த சதைதான் இருக்கும். நம் முன்னோர் அதைப் பார்த்துத்தான் நுரை போன்ற ஈரல் என்று பெயர் வைத்திருக்க வேண்டும். பெயரே சரியான விளக்கம்.

அந்த நுரையின் ஒவ்வொரு குமிழும் ஒரு காற்று நுண்ணறை. ஒன்றின் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றின் சுவரையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும், அதாவது சுமார் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டின் தரை அளவு அது. வெறும் பலூனாக இருந்தால் இதில் ஒரு மூலை கூடக் கிடைத்திருக்காது. காற்றும் இரத்தமும் தொட்டுக்கொள்ளும் இடம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு ஆக்சிஜன் மாறும்.

இவ்வளவு குட்டிப் பை, உள்ளே ஈரம் வேற. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காதுங்களா?

ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஈரமான பிளாஸ்டிக் பையைத் திறக்க எவ்வளவு பாடுபடுகிறோம்? தண்ணீர் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். பை சிறியதாகச் சிறியதாக அந்த இழுப்பு கூடும். இதைத் தடுக்க நுண்ணறைச் சுவரில் இருக்கும் சில செல்கள் சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். அது நீர்ப்படலத்தின் மேல் பரவி அந்த இழுவிசையைக் குறைப்பதால்தான் மூச்சை வெளியே விட்ட பிறகும் அறைகள் மூடிக்கொள்ளாமல் நிற்கின்றன.

குறைமாதத்தில் பிறக்கும் சில குழந்தைகள் முதல் நாளிலேயே முனகிக்கொண்டு, விலா உள்ளே ஒடுங்க மூச்சுக்குப் போராடுவது இது போதாததால்தான். 1959-இல் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இன்றைக்குக் குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு முன்கூட்டியே ஊசி போடுகிறார்கள், குழந்தையின் நுரையீரல் அந்தப் பொருளைச் சீக்கிரம் சுரக்கத் தொடங்கட்டும் என்பதற்காக. தேவைப்பட்டால் பிறந்த பிறகு சர்ஃபாக்டன்டையே குழாய் வழியாக நுரையீரலுக்குள் விடுகிறார்கள்.

காத்து ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். நடுவுல ஓட்டை இருக்கா சார்?

ஓட்டை இல்லை, இருக்கவும் கூடாது. ஓட்டை இருந்தால் இரத்தம் கசிந்து அறை நிரம்பிவிடும். இருப்பது மிக மெல்லிய ஒரு திரை. நுண்ணறையின் சுவர் ஒரு செல் கனம். அதை ஒட்டியிருக்கும் இரத்த நுண்குழாயின் சுவரும் ஒரு செல் கனம். இரண்டும் சேர்ந்து மெலிந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு சிவப்பணு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அகலம்.

ஆக்சிஜன் முதலில் அறைச் சுவரில் உள்ள ஈரத்தில் கரைகிறது. கரைந்த நிலையிலேயே திரையைக் கடந்து இரத்த நீருக்கு வருகிறது, அங்கிருந்து சிவப்பணுவுக்குள் நுழைந்து ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு எதிர்த்திசையில் வருகிறது. அது ஈரத்தில் மிக நன்றாகக் கரையும் என்பதால் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகத் திரையைத் தாண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக்சிஜன் உள்ளே போகணும், கார்பன் டை ஆக்சைடு வெளியே வரணும்னு யார் தள்ளி விடறாங்க?

யாரும் தள்ளுவதில்லை. வாயுக்கள் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தாமாகப் பரவுகின்றன. அறையின் ஒரு மூலையில் மல்லிகைப் பூவை வைத்தால் வாசம் மறு மூலைக்கு வருகிறதே, அதைப் போல. ஒரு கலவையில் ஒரு வாயு மட்டும் கொடுக்கும் அழுத்தத்தை அதன் பகுதி அழுத்தம் என்பார்கள். நுண்ணறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தில் அது 40. அதனால் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது. கார்பன் டை ஆக்சைடோ இரத்தத்தில் 46, அறையில் 40. அது வெளியே வருகிறது. ஒரே திரையில் இரண்டும் எதிரெதிராக நடக்கும். ஒவ்வொரு வாயுவும் தன் அழுத்தத்தை மட்டுமே பார்க்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது.

கார்பன் டை ஆக்சைடுக்கு வெறும் 6 வித்தியாசம் எப்படிப் போதும் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். நல்ல கேள்வி. முந்தைய பதிலில் சொன்ன 20 மடங்கு எளிமைதான் காரணம்.

உங்களுக்கு வந்த சந்தேகம் பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்டியன் போர், ஹால்டேன் போன்றவர்கள் நுரையீரலே ஆக்சிஜனை இரத்தத்துக்குள் சுரந்து தள்ளுகிறது என்று நம்பினார்கள். போரிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் க்ரோவும் அவர் மனைவி மேரியும் 1910-இல் அளந்து பார்த்து, பரவுதலே போதும் என்று காட்டினார்கள். ஹால்டேன் விடவில்லை, மலை உச்சியில் மட்டுமாவது நுரையீரல் தள்ளும் என்றார். 1920-இல் ஜோசப் பார்கிராஃப்ட் ஆக்சிஜன் குறைத்த ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தங்கி, தன் கைத் தமனியையே திறந்து இரத்தம் எடுக்கச் சொன்னார். தமனி இரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அழுத்தம் நுண்ணறையில் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. தள்ளுவது உண்மையென்றால் அது கூடியிருக்க வேண்டும். மலையேறும்போது நமக்கு உதவ உள்ளே பம்பு எதுவும் இல்லை என்பது அப்படித்தான் உறுதியானது.

ஒரு தடவை மூச்சு விட்டா பழைய காத்து முழுசும் வெளியே போயிடுதா?

இல்லை, பெரும்பகுதி உள்ளேயே நிற்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று இழுக்கிறோம். அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைக்கும்தான் போகும், அங்கே எதுவும் மாறாது. மீதி 350 மில்லிதான் நுண்ணறைகளைத் தொடும். அங்கே ஏற்கெனவே இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று நிற்கிறது. நிறைந்த அண்டாவில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வேறு சொம்பு ஊற்றுவது போலத்தான்.

இது குறையல்ல. இந்த இருப்பு இருப்பதால்தான் இரண்டு மூச்சுக்கு இடையில் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கிறது. மூச்சு இழுக்காமல் சிறிது நேரம் பேசுகிறோம், விழுங்குகிறோம், ஒன்றும் ஆவதில்லையே. வெளியே விடும் காற்றில் கூட ஏறத்தாழ 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். மூச்சு நின்று கிடப்பவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது பலிப்பது அதனால்தான்.

ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கே. ஆக்சிஜன் ஏற நேரம் போதுமா?

போதும், மூன்று பங்கு நேரம் கையில் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டிய குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகும். ஆரோக்கியமான நுரையீரலில் முதல் கால் விநாடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். மீதி அரை விநாடி அவசரத்துக்கான கையிருப்பு.

ஏற்காட்டில் மேட்டுத் தோட்டத்தில் மூட்டை சுமந்து ஏறினால் இதயம் வேகமாக அடித்து இரத்தத்தை விரட்டும். முக்கால் விநாடி கால் விநாடி வரைக்கும் குறையலாம். நல்ல நுரையீரல் அதையும் சமாளிக்கும். ஆனால் திரை தடித்துப்போனவருக்கு முதலிலேயே அரை விநாடிக்கு மேல் தேவைப்படும். அவர் உட்கார்ந்திருந்தால் எண் சரியாக இருக்கும், நடந்தால் சரியும். அதனால்தான் எங்கள் இடத்தில் உட்கார வைத்து எண் பார்த்ததோடு அனுப்புவதில்லை, ஆறு நிமிடம் நடக்க விட்டும் பார்க்கிறோம்.

ஏற்காட்டுல காபித் தோட்டம், சில்வர் ஓக்குன்னு எங்கே பார்த்தாலும் மரம். அப்ப அங்க ஆக்சிஜன் ஜாஸ்திதானே?

இல்லை. திறந்த வெளியில் காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால், மரம் நிறைந்த இடத்திலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், புதிய பேருந்து நிலையத்திலும் அதேதான். மேலே போனால் மூச்சு சுகமாக இருப்பது தூசியும் வண்டிப் புகையும் குறைவு என்பதாலும், குளிர்ச்சியாலும்.

அப்ப மலை மேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்களே, சதவீதம் ஒண்ணுதான்னா அது எப்படி?

இரண்டும் உண்மை. சதவீதம் மாறவில்லை, மொத்தக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், எட்டாம் வகுப்புக் கணக்குத்தான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சுக்குள் போன காற்று ஈரமாகிவிடும், நீராவி மட்டும் 47 எடுத்துக்கொள்ளும். மீதி 688. அதில் 21 சதவீதம் 144. நுண்ணறையில் ஆக்சிஜன் போய்க்கொண்டும் கார்பன் டை ஆக்சைடு வந்துகொண்டும் இருப்பதால் அதிலிருந்து சுமார் 50 கழியும். (கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40-ஐ 0.8-ஆல் வகுத்தால் வருவது இந்த 50.) ஆக, சேலத்து நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 94. முன்னே சொன்ன 100 என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு.

இனி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் 637 அளவில் இருக்கும். நீராவி அதே 47, ஏனென்றால் அது உடம்புச் சூட்டைப் பொறுத்தது, மலையைப் பொறுத்தது அல்ல. மீதி 590. 21 சதவீதம் 124. ஐம்பதைக் கழித்தால் 74. உடம்பு தானாகக் கொஞ்சம் ஆழமாக மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடை 38-க்கு இறக்கினால் 76 வரை கிடைக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் 94 எங்கே, 76 எங்கே! அழுத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

கீழே 98 காட்டுன ஆக்சிமீட்டர் மேலே 95 காட்டுது. மெஷின் போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒருமுறை அதே கருவியை அடிவாரத்தில் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு 95. திரும்பி வந்தபோது மறுபடியும் 98. மேலே பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அரை நிமிடம் நிலையாக நின்ற பிறகு படியுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றிரண்டு முன்பின் இருக்கத்தான் செய்யும்.

அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் எண் ஏன் மூன்றுதான் குறைந்தது? ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதுதான் கருவி காட்டும் எண். ஹீமோகுளோபினின் குணம் அப்படி. இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 இருந்தால் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கும். 70-க்கு இறங்கினாலும் 94 சதவீதம் நிரம்பியே இருக்கும். 60-இல் கூட 90. அதற்குக் கீழேதான் சரிவு: 50-இல் 85-க்குப் பக்கம், 40-இல் 75. சேலத்துச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகும்போது தரை சமமாக இருந்து, பிறகு ஒரே இடத்தில் இறக்கம் தொடங்குவது போல. ஆரோக்கியமானவர் ஏற்காட்டுக்குப் போனாலும் இன்னும் சமதளத்தில்தான் நிற்கிறார். அதனால்தான் சுற்றுலா வருபவர்கள் எதையும் உணர்வதில்லை.

எங்கப்பாவுக்கு முப்பது வருஷ பீடிப் பழக்கம். கீழேயே 91 தான் காட்டுது. பேரன் கல்யாணம் ஏற்காட்டுல. கூட்டிட்டுப் போலாங்களா?

மருத்துவரைப் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. 91 என்றால் அவர் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 60. அதாவது அவர் இறக்கத்தின் விளிம்பில் நிற்கிறார். இரத்தத்தில் அழுத்தம் நுண்ணறையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்; ஆரோக்கியமானவர் ஒருவருக்கு அது 88-லிருந்து 70-க்கு வந்தால் எண் மூன்று குறையும். உங்கள் அப்பா 60-லிருந்து 50-க்கு வந்தாலே போதும், எண் 85-க்குச் சரியும். இறங்கும் அழுத்தம் குறைவு, விழும் எண் அதிகம்.

பீடிப்புகை செய்வது, நுண்ணறைகளுக்கு இடையே இருக்கும் சுவர்களைத் தின்றுவிடுவது. பத்து சின்ன அறைகள் இருந்த இடத்தில் ஒரு பெரிய அறை நிற்கும். காற்று நிறைய இருக்கும், நெஞ்சு பீப்பாய் போல உப்பிக்கூட இருக்கும், ஆனால் தொட்டுக்கொள்ளும் பரப்பு போய்விட்டது. முதல் பதிலில் சொன்ன 750 சதுர அடி வீட்டில் தடுப்புச் சுவர்கள் இடிந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். இடிந்தது திரும்ப எழும்பாது. வேறு சிலருக்குப் பரப்பு இருக்கும், திரை தழும்பாகித் தடித்திருக்கும். கல் உடைக்கும் தூசியில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களிடம் இதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு முதலில் தெரியும் அறிகுறி, நடந்தால் மட்டும் எண் இறங்குவது. நிமோனியாவில் திரையும் பரப்பும் இருக்கும், அறைக்குள் காற்றுக்குப் பதில் சீழும் நீரும் நின்றுவிடும்.

கேட்டவரின் அப்பாவை நடக்க விட்டுப் பார்த்ததில் ஆறு நிமிடத்தில் 91 என்பது 84 ஆனது. மருத்துவர் மேலே போக வேண்டாம் என்றார். மணமக்கள் மறுநாள் கீழே வந்து ஆசி வாங்கிக்கொண்டார்கள்.

வேக வேகமா மூச்சு விட்டா ஆக்சிஜன் ஏறும்தானே? கிணத்துல முங்கறதுக்கு முன்னாடி பசங்க அப்படித்தான் செய்றாங்க.

தயவுசெய்து அந்தப் பையன்களைத் தடுத்து நிறுத்துங்கள். 98 சதவீதம் நிரம்பிய ஹீமோகுளோபினில் இன்னும் இரண்டுக்குத்தான் இடம். எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் ஆக்சிஜன் இருப்பு பெரிதாக அதிகரிக்காது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று வெளியேறிவிடும். 40 இருக்க வேண்டியது 20, 25 என்று ஆகலாம். தலை கிறுகிறுப்பதும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான்.

ஆபத்து எங்கே என்றால், மூச்சை அடக்கும்போது நம்மைத் திணற வைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான். அதை முதலிலேயே வெளியே விரட்டிவிட்டால் திணறல் தாமதமாகத்தான் வரும். ஆக்சிஜனோ அதே வேகத்தில் தீர்ந்துகொண்டிருக்கும். மேலே வா என்று உடம்பு சொல்வதற்கு முன்பே தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே இப்படிப் போகிறார்கள். முங்குவதற்கு முன் வழக்கமான ஒரு மூச்சு போதும்.

ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டுல இருக்கு. 98 வர்ற வரைக்கும் திறந்து வெச்சா நல்லதுதானே?

நாள்பட்ட புகைப்பிடி நோயாளிக்கு நல்லதல்ல. அவர்களில் பலருக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அதிக ஆக்சிஜன் கொடுத்தால் சரியாக வேலை செய்யாத அறைகளுக்கும் இரத்தம் பாயத் தொடங்கும், மூச்சும் மந்தமாகும், கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறும். ஆக்சிமீட்டர் அதைக் காட்டாது, அந்தக் கருவிக்கு அந்த வாயுவைப் பற்றி எதுவும் தெரியாது. 98 என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், அவர் தூங்கி வழிவார், காலையில் தலைவலி என்பார், பேச்சு குழறும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக 88-க்கும் 92-க்கும் இடையில்தான் வைக்கச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தந்திருப்பார், அதை மாற்றாதீர்கள்.

ஏற்காட்டுல ராத்திரி குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சிருந்தோம். எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. ஆனா ஆக்சிமீட்டர் 98 காட்டுச்சு. அப்ப வேற ஏதாவது சாப்பாடு ஒத்துக்கலையா?

சாப்பாடாக இருக்கலாம், ஆனால் முதலில் கரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூடிய அறையில் கரி சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசமில்லை. அதுவும் ஆக்சிஜன் போலவே திரையைத் தாண்டும், ஆனால் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கையில் அது உட்கார்ந்துவிடும். மீதி இருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. நுண்ணறை, திரை, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும்.

ஆக்சிமீட்டர் விரல் வழியாக ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் சிவப்பைப் பார்த்து எண் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பு. வீட்டில் வைத்திருக்கும் கருவி அதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். அதனால் அந்த 98 பொய்யான 98. இரத்தம் எடுத்துத் தனிக் கருவியில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரே அறையில் படுத்த பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டு வந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், கரி அடுப்பு இருந்ததை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றி, இருக்கையில் அமர்ந்துவிட்டதை அந்த அழுத்தத்தாலேயே எழுப்பிவிடுகிறார்கள்.